ரீச்சிங் ஸ்டேட்மென்ட் வாசிச்சு மார்க் போடப் போறீங்களா? உண்மையான உதாரணம் எது எண்டு பிடிக்கிற வழி

கம்பஸில புதுசா சேர்ந்த லெக்சரர்மார், டிப்பார்ட்மென்ட்டில பனல் ஒண்டில திடீரெண்டு பேர் வந்த ஆக்கள், போர்ட்ஃபோலியோ செய்யிற கூட்டாளி "ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" எண்டு கேட்ட ஆக்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுறன். ரீச்சிங் பிலோசபி ஸ்டேட்மென்ட் எண்டால் ஒருத்தர் தான் எப்பிடிப் படிப்பிக்கிறன், ஏன் அப்பிடிப் படிப்பிக்கிறன் எண்டு ஒண்டு ரெண்டு பக்கத்தில எழுதித் தாறது. எழுதுறதுக்கு வழி சொல்ல ஆக்கள் இருக்கினம், அதை எப்பிடி மதிப்பிடுறது எண்டு ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை. எனக்கும் ஒரு கட்டு ஸ்டேட்மென்ட்டைத் தந்து "மார்க்கைப் போட்டுத் தாங்கோ" எண்டுதான் விட்டினம், நாலாவதை வாசிக்கேக்க எல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி இருந்துது, எல்லாரும் மாணவர்களை நேசிக்கினம், எல்லாரும் விமர்சனச் சிந்தனையைத் தூண்டுகினம், இதில ஆருக்குக் கூடப் போடுறது ஆருக்குக் குறையப் போடுறது?

அதுக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை கீழ இருக்கு. ஸ்டேட்மென்ட்டில பாக்க வேண்டியது கனக்க இருக்கு, நான் இஞ்ச ஒண்டை மட்டும்தான் பிடிச்சுக் கதைக்கிறன்: சொன்னதுக்கு உதாரணம் இருக்கா, இருந்தால் அது உண்மையில உதாரணமா.

1. வாசிக்க முதல் கையில என்னென்ன இருக்க வேணும்

முதல்ல, கேட்ட ஆக்கள் குடுத்த அறிவுறுத்தலை எடுங்கோ. எத்தினை பக்கம், எதுக்காகக் கேட்டது, வேலைக்கா, பதவியை உறுதிப்படுத்தவா, கோர்ஸ் ஒண்டின்ர அசைன்மென்ட்டா எண்டு பாருங்கோ. ஒரு பக்கம்தான் எண்டு கட்டுப்படுத்திப்போட்டு அஞ்சு உதாரணம் எதிர்பாக்கிறது நியாயம் இல்லை, ஒரு பக்கத்தில ஒழுங்கான உதாரணம் ரெண்டு வந்தாலே பெரிய விசயம்.

ரெண்டாவது, அவர் படிப்பிச்ச பாடங்களின்ர லிஸ்ட். இது இல்லாமல் வாசிச்சால் "முதலாம் வருசப் பிள்ளையளோட செய்தன்" எண்டு எழுதியிருக்கிறது சரியோ எண்டே உங்களுக்குத் தெரியாது. மூண்டாவது, அவர் ஏதும் இணைச்சிருந்தால் அது: ஒரு ரியூட்டோரியல் தாள், ஒரு வினாத்தாள், பிள்ளையள் குடுத்த பீட்பாக்கின்ர சுருக்கம். சிவியைப் பக்கத்தில கவிழ்த்து வையுங்கோ. எத்தினை பப்ளிகேசன், எங்க பிஎச்டி எண்டு கண்டுட்டு வாசிச்சால் வெறும் வசனமும் கனமாத் தெரியும்.

ஸ்டேட்மென்ட்டைத் தாளில எடுங்கோ, ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட், ஓரத்தில நல்லா இடம் விட்டு. செலவு எண்டால் அந்தப் பிரிண்ட் காசும் கலர் பேனை ரெண்டும்தான். நேரம்தான் கூட: பழக்கம் இல்லாத ஆளுக்கு ஒண்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல போகும், பழகினால் பாதி நேரம். ஒரே இருப்பில அஞ்சாறுக்கு மேல வாசியாதீங்கோ, அதுக்குப் பிறகு கண் வசனத்தின்ர மேல ஓடும், மூளைக்குள்ள ஒண்டும் இறங்காது. நாளைக்கு மீட்டிங் எண்டு இண்டைக்கு இரவு கட்டைத் தந்தால் கால அவகாசம் கேளுங்கோ, வெக்கப்படாதீங்கோ.

2. முதல் வாசிப்பு: பாடத்தை மாத்திப் பாருங்கோ

பேனை இல்லாமல் ஒருக்கா முழுசா வாசியுங்கோ. பிறகு ஒவ்வொரு பந்தியிலயும் ஒரே ஒரு சோதினை. இவர் பௌதிகவியல் ஆள் எண்டால், அந்தப் பந்தியை அப்பிடியே தூக்கி வரலாறு படிப்பிக்கிற ஒருத்தருக்குக் குடுத்தால் அவர் ஒரு சொல்லும் மாத்தாமல் கையெழுத்து வைப்பாரா? வைப்பார் எண்டால் அந்தப் பந்தியில இன்னும் ஒண்டும் இல்லை.

"ஒவ்வொரு மாணவரும் தனித்துவமானவர் என்று நம்புகிறேன்" எண்ட வசனத்துக்கு ஆர் கையெழுத்து வைக்கமாட்டினம்? கலியாணப் பேச்சில "பெடியன் நல்ல பெடியன்" எண்டு புரோக்கர் சொல்லுற மாதிரித்தான் அது, பொய் எண்டு சொல்லேலாது, ஆனால் அதை வைச்சு ஒரு முடிவும் எடுக்கேலாது.

ஒண்டைக் கவனியுங்கோ, பொதுவான வசனம் இருக்கிறதே பிழை இல்லை. பிலோசபி எண்டு பேர் வைச்சுப்போட்டு நம்பிக்கையைச் சொல்லாதே எண்டு சொல்லேலாதுதானே. நம்பிக்கை ஒரு வசனம், அதைத் தாங்குறதுக்கு அடுத்து நாலு வசனம் வந்தால் சரி. நம்பிக்கைக்குப் பின்னால இன்னொரு நம்பிக்கை, அதுக்குப் பின்னால இன்னொண்டு எண்டு போனால்தான் பிரச்சினை.

3. ரெண்டாவது வாசிப்பு: ரெண்டு கலர் பேனை

சிவப்பால "நான் இப்பிடியான ஆள், இதை நம்புறன், இதை ஊக்குவிக்கிறன்" எண்ட வசனங்களுக்குக் கீழ கோடு. நீலத்தால ஒரு நாளில, ஒரு வகுப்பில நடந்த விசயங்களுக்குக் கீழ கோடு. எதுக்கு எந்தக் கலர் எண்டு குழம்பினால் வினைச்சொல்லைப் பாருங்கோ. ஊக்குவிக்கிறன், வளர்க்கிறன், உருவாக்குறன், முயற்சிக்கிறன் எல்லாம் சிவப்பு. குடுத்தன், கேட்டன், மாத்தினன், எண்ணினன், நிப்பாட்டினன் எல்லாம் பெரும்பாலும் நீலம், ஏனெண்டால் அதை ஒருத்தர் பின்வரிசையில இருந்து பாத்திருக்கேலும்.

முழுத்தாளும் சிவப்பா வந்தால் திருப்பி வாசிச்சு மினக்கெடாதீங்கோ, 7க்குப் போங்கோ. நீலம் உள்ள இடங்கள் இருந்தால் அந்த இடங்களுக்குத்தான் அடுத்த படி.

4. நீலக் கோடு ஒவ்வொண்டுக்கும் நாலு கேள்வி

எந்த வகுப்பு? "என் மாணவர்கள்" எண்டால் காணாது. எந்த வருசம், எந்தப் பாடம், எத்தினை பேர் அளவில, லெக்சரா ரியூட்டோரியலா லாப்பா. 200 பேர் இருக்கிற ஹோலில "ஒவ்வொருவருடனும் உரையாடுகிறேன்" எண்டு ஒருத்தர் எழுதினால் நான் நம்பமாட்டன், 15 பேர் லாப்பில எண்டால் சரி.

அவர் என்ன செய்தார்? இதை வாசிச்சுப்போட்டு நீங்கள் நாளைக்கு உங்கட வகுப்பில செய்து பாக்கலாமா? செய்யிற அளவுக்கு விளங்கினால் அது உதாரணம்.

பிள்ளையள் என்ன செய்தினம்? இந்தக் கேள்வியிலதான் கூடப் பேர் விழுகினம். படிப்பிக்கிற ஆள் செய்தது எல்லாம் வரும், ஸ்லைட் போட்டார், வீடியோ காட்டினார், எல்.எம்.எஸ்ஸில குறிப்பு ஏத்தினார், ஆனால் பிள்ளையள் எழுதினது, கணிச்சது, பிழை விட்டது ஒண்டும் வராது. பிள்ளையள் வெறும் பார்வையாளர் மாதிரி இருக்கிற ஸ்டேட்மென்ட் எவ்வளவு நீளமா இருந்தாலும் அரைவாசிதான்.

வேலை செய்ததெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? "நல்ல வரவேற்பு இருந்தது" எண்டது பதில் இல்லை. பிள்ளையளின்ர விடைத்தாளில, லாப் ரிப்போர்ட்டில, கேட்ட கேள்வியில என்ன வித்தியாசம் கண்டார்? பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, கண்ணால கண்ட ஒரு மாற்றம் போதும், அது சரிவராமல் போனதாயும் இருக்கலாம்.

இது நான் மட்டும் கண்டுபிடிச்ச விசயம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின்ர கற்பித்தல் நிலையம் இப்பிடியான ஸ்டேட்மென்ட்டுகளுக்கெண்டு ஒரு ரூப்ரிக், அதாவது மார்க் போடுற அளவுகோல், செய்து கனகாலமாப் பாவனையில இருக்கு. அதில அஞ்சு பகுதி: பிள்ளையள் எதைக் கற்க வேணும் எண்ட இலக்கு, அந்த இலக்கை வகுப்பில நடைமுறைப்படுத்துறது, இலக்கு எட்டினதா எண்டு மதிப்பிடுறது, எல்லாரையும் உள்ளடக்குற வகுப்புச் சூழல், கடைசியா அமைப்பும் மொழியும். என்ர நாலு கேள்வியும் பெரும்பாலும் ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் உள்ளதான் வரும். உங்கட டிப்பார்ட்மென்ட்டில ரூப்ரிக் ஒண்டும் இல்லையெண்டால் இந்த அஞ்சு தலைப்பையும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.

5. ஒரு பந்தியை எடுத்து முழுசாச் செய்து பாப்பம்

கீழ வாற பந்தி ஒருத்தரும் தந்தது இல்லை. கனபேர் எழுதுற சாயலில நானே எழுதினது. ஆள் முதலாம் வருச பௌதிகவியல் பிரக்ரிக்கல் படிப்பிக்கிறவர் எண்டு வையுங்கோ.

"மாணவர்களின் வளர்ச்சியில் நான் ஆழ்ந்த அக்கறை கொண்டவன். அவர்கள் வெறுமனே மனப்பாடம் செய்யாமல் விமர்சன ரீதியாகச் சிந்திக்க வேண்டும் என்பதே என் நோக்கம். இதற்காகச் செயல்முறை வகுப்புகளில் மாணவர் மையக் கற்பித்தலைப் பயன்படுத்துகிறேன். குழுச் செயற்பாடுகள் மூலம் அவர்களின் ஆர்வம் அதிகரித்திருப்பதைக் கண்டிருக்கிறேன்."

நாலு வசனம். முதல் ரெண்டும் அசல் சிவப்பு. மூண்டாவது நீலம் போலத் தெரியும், ஆனால் "மாணவர் மையக் கற்பித்தல்" எண்டது ஒரு முறைக்கு வைச்ச பேர், நடந்த விசயம் இல்லை. நாலாவதில "கண்டிருக்கிறேன்" எண்டு வருது, எங்க கண்டார், எதில கண்டார்? முகத்திலயா? பாடத்தை மாத்திப் பாருங்கோ, "செயல்முறை" எண்ட ஒரு சொல்லை எடுத்தால் இது சைவசித்தாந்தம் படிப்பிக்கிற ஆளுக்கும் பொருந்தும்.

இப்ப அதே ஆளைக் கூப்பிட்டு இருத்தி "எந்த பிரக்ரிக்கல், பிள்ளையள் எங்க மனப்பாடம் செய்யினம், சொல்லுங்கோ பாப்பம்" எண்டு கேட்டால் இப்பிடி ஒரு கதை வரலாம்.

எளிய ஊசல் பிரக்ரிக்கல். ஏ.எல். படிக்கேக்கயே எல்லாரும் செய்தது, புவியீர்ப்பு ஆர்முடுகல் g 9.8 எண்டு எல்லாருக்கும் தெரியும். லாப் ரிப்போர்ட் எல்லாத்திலயும் 9.81, 9.80, 9.79. வடிவான விடை, அதுதான் சந்தேகம். ஒரு மீற்றர் நீள ஊசலுக்கு ஒரு அலைவு 2 செக்கன் அளவில. பத்து அலைவுக்கு நேரம் எடுத்தால் 20 செக்கன், ஸ்டொப் வாட்ச் அமத்துறதில 0.2 செக்கன் பிந்தினாலே நேரத்தில 1 வீதம் பிழை, g கணிக்கேக்க நேரம் வர்க்கத்தில வாறதால அது 2 வீதமாகும், அதாவது விடை 9.6க்கும் 10.0க்கும் இடையில எங்கயும் வரலாம். நீளத்தைக் குண்டின்ர மையம் வரைக்கும் அளக்காமல் மேல்முனை வரைக்கும் அளந்தால், குண்டு 2 சென்ரிமீற்றர் விட்டம் எண்டால், இன்னொரு 1 வீதம் குறையும். இவ்வளவு இருக்க வகுப்பு முழுக்க 9.81 வருதெண்டால் பிள்ளையள் அளக்கேல்லை, விடையில இருந்து பின்னால போய் வாசிப்பை எழுதியிருக்கினம். மனப்பாடம் எண்டு அந்த ஆள் சொன்னது உண்மையில இதைத்தான், ஆனால் அதை எழுதேல்லை.

இதுக்கு அவர் என்ன செய்தார்? ஊசல் நூலின்ர மேல்பகுதியை ஒரு மரப்பெட்டிக்குள்ள மறைச்சார். வெளியில தெரியிற நீளத்தை மட்டும்தான் பிள்ளையள் அளக்கேலும். வெளிநீளத்தை மாத்தி மாத்தி நேரம் எடுத்து, ஒரு அலைவுக்கு எடுக்கிற நேரத்தின்ர வர்க்கத்தை, T² ஐ, நீளத்துக்கு எதிராக் கீறினால் நேர்கோடு வரும். படித்திறனில இருந்து g வரும், கோட்டைப் பின்னால நீட்டினால் அது நீள அச்சை வெட்டுற இடத்தில இருந்து பெட்டிக்குள்ள மறைஞ்ச நீளம் வரும். மறைஞ்ச நீளம் ஒரு புத்தகத்திலயும் இல்லை, குழுவுக்குக் குழு வேற. கடைசியில பெட்டியைத் திறந்து அடிமட்டத்தால அளந்து காட்டலாம்.

அப்ப திருத்தின பந்தி இப்பிடி வரும்:

"முதலாம் வருட பௌதிகவியல் செயல்முறையில் ஏறத்தாழ எல்லா அறிக்கைகளிலும் g இன் பெறுமானம் 9.8 ஆகவே இருந்தது. மாணவர்கள் தெரிந்த விடைக்கு வாசிப்புகளைப் பொருத்துகிறார்கள் என்று புரிந்தது. அதனால் ஊசலின் மேல்நீளத்தை ஒரு பெட்டிக்குள் மறைத்து, அந்த நீளத்தை வரைபிலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னேன். வாசிப்புகளைப் பேனையால் எழுதி, வகுப்பை விட்டுப் போக முன் என்னிடம் கையொப்பம் பெற வேண்டும். இறுதியில் பெட்டியைத் திறந்து அளந்தோம். 12 குழுக்களில் 7 குழுக்களின் விடை ஒரு சென்ரிமீற்றருக்குள் வந்தது. மற்ற ஐந்து குழுக்களில் மூன்று, குண்டின் மையம் வரை அளக்கவில்லை என்பதைத் தாங்களே கண்டுபிடித்து எழுதின."

பேந்து நாலு கேள்வியையும் போடுங்கோ. எந்த வகுப்பு எண்டு இருக்கு. என்ன செய்தார் எண்டு நீங்களே செய்து பாக்கிற அளவுக்கு இருக்கு. பிள்ளையள் அளந்தினம், கீறினம், பிழையைக் கண்டுபிடிச்சினம். எப்பிடித் தெரியும் எண்டதுக்குப் பெட்டியைத் திறந்ததே பதில். "அக்கறை" எண்ட சொல் ஒரு இடத்திலயும் இல்லை, ஆனால் ஒவ்வொரு குழுவின்ர வாசிப்பிலயும் கையெழுத்து வைக்க நிண்ட ஆளுக்கு அக்கறை இல்லையெண்டு ஆரும் சொல்லமாட்டினம். "விமர்சனச் சிந்தனை" எண்ட சொல்லும் இல்லை, தன்ர பிழை எங்க எண்டு தேடுறதை விட வேற என்ன அது?

ஆனால் இதிலயும் குறை இருக்கு. மிச்சம் ரெண்டு குழுவுக்கு என்ன நடந்தது எண்டு எழுதேல்லை. அடுத்த பட்ச்சுக்கு ஏதும் மாத்தினாரா எண்டும் இல்லை, பெட்டிக் கதை சீனியர்மார் மூலமாக் கசிஞ்சிருக்கும்தானே. இந்த ரெண்டையும் நான் இன்டர்வியூவில கேக்க எண்டு ஓரத்தில குறிச்சு வைப்பன், மார்க்கை வெட்டமாட்டன். 12இல 7 எண்டு சரிவராததையும் சேர்த்து எழுதின ஆளை நான் 100 வீதம் வெற்றி எண்டு எழுதின ஆளை விடக் கூட நம்புவன்.

6. உதாரணம் போல வேசம் போட்டு வாறது

இதில கவனம், பழகின ஆக்களே ஏமாறுகினம்.

ஒண்டு, முறையின்ர பேர். திங்க்-பெயார்-ஷெயார், ஃபிளிப்ட் கிளாஸ்ரூம், புளூம்ஸ் டாக்ஸானமி எண்டு வரிசையா வந்தால் வாசிக்கிறவருக்கு "ஓ, விசயம் தெரிஞ்ச ஆள்" எண்டு வரும். பேரை மறைச்சுப்போட்டு வாசியுங்கோ. என்ன கேள்வியைக் குடுத்து யோசிக்கச் சொன்னார், பிள்ளையள் என்ன சொல்லிச்சினம் எண்டு இல்லையெண்டால் அது சிவப்பு.

அடுத்தது, சொன்னதுக்கும் உதாரணத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கிறது. விமர்சனச் சிந்தனையை வளர்க்கிறன் எண்டு தொடங்கி, எல்.எம்.எஸ்ஸில கிழமைக்கு ஒரு எம்.சி.கியூ குயிஸ் வைக்கிறன் எண்டு முடியும். குயிஸ் வைச்சது உண்மைதான், நீலம்தான், ஆனால் அது தவறாமல் படிக்க வைக்கிறதுக்கு உதாரணம், விமர்சனச் சிந்தனைக்கு இல்லை. நீலக் கோட்டில இருந்து அது தாங்குற சிவப்புக் கோட்டுக்கு ஒரு அம்புக்குறி கீறிப் பாருங்கோ. அம்பு போக இடம் இல்லையெண்டால் அந்த உதாரணம் அந்தரத்தில நிக்குது.

மூண்டாவது எங்கட இடத்தில கூட வாறது, அதாலதான் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். ஒரு பிள்ளையின்ர கஷ்டக் கதை. இடம்பெயர்ந்து வந்த குடும்பம், தகப்பன் இல்லை, பின்னேரம் வேலைக்குப் போய்ப் படிச்ச பிள்ளை, "நான் அவளுக்குத் துணை நின்றேன், இன்று அவள் ஒரு பட்டதாரி." வாசிக்கேக்க மனம் இளகும், எனக்கும் இளகினது. ஆனால் மார்க் போடேக்க கேள்வி ஒண்டுதான்: அந்தப் பிள்ளை எதைக் கற்க இடறினவ, அந்த இடறலுக்கு இவர் என்ன செய்தார்? அது இல்லையெண்டால் அந்தக் கதை பிள்ளையின்ர கெட்டித்தனத்தைக் காட்டுது, படிப்பிச்சதைக் காட்டேல்லை. அதோட, அந்தப் பிள்ளை ஆர் எண்டு டிப்பார்ட்மென்ட்டில எல்லாருக்கும் தெரியிற அளவுக்கு விபரம் இருந்தால் அதை ஓரத்தில எழுதி விடுங்கோ, அவவின்ர சம்மதம் இல்லாமல் அப்பிடி எழுதக்கூடாது.

அக்கறையை எழுதவே கூடாது எண்டு இதுக்கு அர்த்தம் இல்லை. அக்கறைக்கு உதாரணம் இருக்கேலும். ஏ.எல். வரைக்கும் தமிழில படிச்சு வந்து முதல் செமஸ்டரில இங்கிலீசில லெக்சர் கேக்கிற பிள்ளையளை எடுங்கோ. "அவர்களின் சிரமத்தை உணர்கிறேன்" எண்டது சிவப்பு. "முதல் நாலு கிழமையும் ஒவ்வொரு லெக்சருக்கும் முன்னால அதில வரப்போற சொற்களைத் தமிழ், இங்கிலீஸ் ரெண்டிலயும் ஒரு தாளில குடுத்தன், ரியூட்டோரியல் விடையை முதல்ல தமிழில சொல்ல விட்டன், ரெண்டாம் மாதத்தில இங்கிலீசில கேள்வி கேக்கிற பிள்ளையள் கூடினபடியா அந்தத் தாளை நிப்பாட்டினன்" எண்டது நீலம். நிப்பாட்டினன் எண்டு எழுதினது கூட ஒரு சாட்சி, ஏனெண்டால் அவர் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கடைசிப் பொறி வாசிக்கிற எங்கட பக்கம் இருக்கு, இங்கிலீஸ். ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் இங்கிலீசிலதான் வரும். வழுவழுப்பான இங்கிலீசில ஒண்டும் இல்லாமல் எழுதினவருக்குக் கை தானாக் கூடப் போடும், இலக்கணம் பிசகின இங்கிலீசில பெட்டிக் கதை எழுதினவருக்குக் குறையப் போடும். மொழிக்குத் தனி மார்க் இருந்தால் அதை அங்க மட்டும் போடுங்கோ, உதாரணத்துக்கான மார்க்கில கலக்காதீங்கோ. குழப்பமா இருந்தால் அந்தப் பந்தியை மனதுக்குள்ள தமிழில சொல்லிப் பாருங்கோ, என்ன மிஞ்சுது எண்டு உடன தெரியும்.

7. முழுக்கச் சிவப்பா வந்தால்

ஆள் புதுசு எண்டால் உதாரணம் இல்லாமல் இருக்கிறதுக்கு நியாயம் இருக்கு எண்டு சிலர் சொல்லுவினம். பாதி சரி. முழு கோர்ஸ் ஒண்டை நடத்தியிருக்கமாட்டார், ஆனால் டெமோ ஆக நிண்டிருப்பார், ரியூசன் குடுத்திருப்பார், ஜூனியர்மாருக்குக் குப்பி விளக்கு வெளிச்சத்திலயாவது ஒண்டைச் சொல்லிக் குடுத்திருப்பார். அதில இருந்து வாற உதாரணம் முழு உதாரணம்தான், கம்பஸ் லெக்சர் இல்லை எண்டு தள்ளாதீங்கோ. ரியூசனில ஒரு கணக்கைப் பிள்ளையள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில பிழைவிடுறதைக் கண்டு, அந்த இடத்துக்கு மட்டும் வேற மாதிரி ஒரு கணக்குச் செய்த ஆள், பத்து வருசம் லெக்சர் குடுத்து ஒண்டும் எழுதாத ஆளை விட மேல.

"இப்பிடிச் செய்யப் போறன்" எண்டு எழுதுறதை என்ன செய்யிறது? புதுசு எண்டால் ஏற்கலாம், ஆனால் அதே நாலு கேள்வியும் எதிர்காலத்தில நிக்க வேணும்: எந்த வகுப்பில, என்ன, பிள்ளையள் என்ன செய்வினம், எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுவார். அஞ்சு வருசத்துக்கு மேல படிப்பிச்ச ஆள் எதிர்காலத்தில மட்டும் எழுதினால் நான் ஏற்கமாட்டன்.

8. மார்க்கும் ரெண்டாவது ஆளும்

ஒவ்வொரு பந்திக்கும் நான் பாவிக்கிறது 0 முதல் 3 வரை. ஒரு நடந்த விசயமும் இல்லையெண்டால் 0. முறையின்ர பேர், தலைப்பு மட்டும் எண்டால் 1. வகுப்பும் செய்ததும் இருக்கு, ஆனால் பிள்ளையள் செய்ததோ விளைவோ இல்லை எண்டால் 2. நாலும் இருந்து, அது தாங்குற நம்பிக்கையோட பொருந்தினால் 3. மேல திருத்தின பந்தி 3, முதல் பந்தி 1. எண்ணிக்கைக்கு மார்க் இல்லை: ஒரு 3 உம் வேற ஒண்டும் இல்லாத தாளை, ஆறு 1 உள்ள தாளை விட மேல வையுங்கோ.

இதை இன்னொருத்தரும் தனியா வாசிக்க வேணும், கதைக்க முதல் ரெண்டு பேரும் மார்க்கை எழுதி வைச்சிருக்க வேணும். முதல்ல சீனியர் ஆள் "இது நல்ல ஸ்டேட்மென்ட்" எண்டு வாய் திறந்தால் பிறகு எல்லாற்ற மார்க்கும் அந்தப் பக்கம் சாயும், எங்கட மீட்டிங்குகள் உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு மார்க் வித்தியாசம் எண்டால் விடுங்கோ. ரெண்டு வித்தியாசம் எண்டால் "நல்லம், கூடாது" எண்டு வாதாடாமல் "எந்த வசனத்தை வைச்சு 3 போட்டீங்கள், விரலை வைச்சுக் காட்டுங்கோ சேர்" எண்டு கேளுங்கோ. பெரும்பாலும் விரல் வைக்க இடம் இல்லாமல் போகும், அல்லாட்டில் நீங்கள் தவறவிட்ட வசனம் ஒண்டு கிடைக்கும்.

9. திருப்பிக் குடுக்கேக்க

தேர்வுக்கு இல்லாமல் கூட்டாளிக்காக வாசிச்சால் "இன்னும் உதாரணம் சேருங்கோ" எண்டு எழுதாதீங்கோ, அது உங்கட பக்கத்துப் பொதுவான வசனம். அவை போய் இன்னும் ரெண்டு முறையின்ர பேரைச் சேர்த்துக்கொண்டு வருவினம். ஒரு சிவப்பு வசனத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்வி எழுதுங்கோ: "ஆர்வம் கூடினது எண்டு எழுதியிருக்கிறீங்கள், எந்த வகுப்பில எதைக் கண்டு அப்பிடி நினைச்சீங்கள்?" ஒரு தாளில இப்பிடி ரெண்டு கேள்விக்கு மேல வேண்டாம். திருத்திக்கொண்டு வர ஒரு கிழமையாவது விடுங்கோ, பழைய ரியூட்டோரியல் தாள், லாப் ரிப்போர்ட் எல்லாம் தேடி எடுக்க நேரம் வேணும், ஞாபகத்தில இருந்து எழுதினால் திரும்பவும் "ஆர்வம் அதிகரித்தது" எண்டுதான் வரும்.

தேர்வுக்கு எண்டால் ஓரத்தில எழுதின கேள்வியளை ஒரு தாளில எடுத்து இன்டர்வியூ பனலுக்குக் குடுங்கோ. பெட்டிக் கதை எழுதினவரிட்ட "மற்ற ரெண்டு குழுவுக்கும் என்ன நடந்தது?" எண்டு கேட்டால், செய்த ஆள் உடன சொல்லுவார், ஆரிட்டயோ வாங்கி எழுதின ஆள் திரும்பவும் மாணவர் மையக் கற்பித்தலுக்குப் போயிடுவார்.

மார்க் போட்ட பிரதியளை மீட்டிங் முடிய ஒப்படைச்சுப்போடுங்கோ, வீட்டில வைச்சிருக்க வேண்டாம், போட்டோக்கொப்பிக் கடையில மிச்சப் பிரதி ஒண்டும் விட்டிட்டு வராதீங்கோ. உங்கட மார்க்கையும் அதுக்கு எந்த வசனம் காரணம் எண்டதையும் ஒரு வரியில எழுதி உங்களிட்ட வையுங்கோ, அப்பீல் எண்டு வந்தால் கேக்கிறது அதைத்தான்.